பன்னிரண்டரை மணி நேரத்துக்கு அப்பால்

சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் அலுவலகம். செவ்வாய்க்கிழமை மாலை ஆறரை மணி என்று வைத்துக்கொள்வோம். டெஸ்ட்டிங் பார்க்கும் இளம்பெண் ஒருவர், கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கும் முன்பு, அமெரிக்காவின் சியாட்டில் நகரிலிருக்கும் டெவலப்பருக்கு இரண்டு வரி எழுதுகிறார். “ஐ ஹேவ் எ டவுட் இன் எஸ்டர்டேஸ் பேமென்ட் சேஞ்ச். கைண்ட்லி ரிவர்ட் அட் தி எர்லியஸ்ட்.” அனுப்பிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்.

அவர் கேட்டது மிகச் சின்ன விஷயம். நேற்று சேர்த்த பணம் செலுத்தும் பகுதியில் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும், சீக்கிரம் பதில் போடுங்கள் என்கிறார். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கை தூக்கி “டவுட் மிஸ்” என்று கேட்பதைப் போன்ற டவுட் அது. ‘ரிவர்ட்’ என்றால் பதில் எழுதுவது. இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அலுவலகக் கடிதங்களில் அந்தச் சொல் அந்தப் பொருளில்தான் புழங்குகிறது.

சியாட்டில்காரர் தன் நேரம் காலை ஒன்பதுக்கு வந்து உட்காருகிறார். அமெரிக்காவில் கோடைக்கால நேரம் நடக்கும் மாதங்களில் அவர் நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறார். இங்கே இரவு ஒன்பதரை ஆகிவிட்டது. அவருடைய ஆங்கிலத்தில் ‘டவுட்’ என்பது கேள்வியல்ல, நம்பிக்கையின்மை. ‘ரிவர்ட்’ என்பதற்கோ அவருடைய தொழிலில் அன்றாடம் கையாளும் பொருள் ஒன்று இருக்கிறது: செய்த மாற்றத்தை ரத்து செய்து நிரலைப் பழைய நிலைக்குக் கொண்டுபோவது. நிரல்களைச் சேமித்து வைக்கும் ‘கிட்’ கருவியில் அது ஒரு கட்டளையாகவே இருக்கிறது.

```
git revert HEAD
```

‘என் மாற்றத்தில் அவர்களுக்கு நம்பிக்கை இல்லை, உடனே எடுத்துவிடச் சொல்கிறார்கள்’ என்று படித்துக்கொள்கிறார். முகம் கொஞ்சம் வாடுகிறது. ஆனாலும் மரியாதையாக மாற்றத்தை ரத்து செய்துவிட்டு, “டன்” என்று ஒரே சொல்லில் பதில் போடுகிறார். புதன்கிழமை காலை ஒன்பதரைக்குச் சென்னையில் அந்தப் பெண் கணினியைத் திறக்கிறார். சோதிக்க வேண்டிய பகுதியே காணோம். “ஏன் எடுத்தீர்கள்?” என்று அவர் எழுதும்போது சியாட்டிலில் செவ்வாய் இரவு ஒன்பது மணி. அவர் அதைப் பார்ப்பது புதன் காலை. விளக்கம் எழுதி, மாற்றத்தைத் திரும்பச் சேர்த்து, முதலில் கேட்ட கேள்விக்கு அவர் பதில் போடுவதற்குள் சென்னை தூங்கிவிட்டது. பதில் இங்கே படிக்கப்படுவது வியாழன் காலை. பக்கத்து மேசையில் இருந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

இது நான் கட்டிச் சொன்ன காட்சிதான். ஆனால் கடல் கடந்த குழுக்களோடு வேலை பார்க்கும் எவரும் இதன் உறவுக்காரக் காட்சி ஒன்றையாவது பார்த்திருப்பார்கள். இதில் யாருக்கும் ஆங்கிலம் தெரியாமல் இல்லை. இருவருமே நன்றாகத் தெரிந்தவர்கள். நன்றாகத் தெரிந்ததால்தான் அகராதியைப் பார்க்கவில்லை. தெரியாத சொல்லைக் கண்டால் மனிதர் நின்று கேட்பார். தெரிந்த சொல் வேறு பொருளில் வரும்போது நிற்பதற்குக் காரணமே கிடைக்காது. மரபுத்தொடர்களில் பெரிய ஆபத்து, பார்த்தவுடன் மரபுத்தொடர் என்று அடையாளம் தெரியாதவற்றில்தான் இருக்கிறது.

அடையாளம் தெரிகிறவற்றை ஒப்பீட்டளவில் எளிதாகத் தவிர்க்கலாம். அமெரிக்கர்களின் அலுவலக ஆங்கிலம் பேஸ்பால் மைதானத்திலிருந்து நிறைய எடுத்துக்கொண்டிருக்கிறது. உத்தேசக் கணக்குக்கு ‘பால்பார்க்’, பேசித் தொடர்பில் இருப்பதற்கு ‘டச் பேஸ்’, எதிர்பாராத சிக்கலுக்கு ‘கர்வ்பால்’. நாம் பதிலுக்குக் கிரிக்கெட்டை எடுத்துக்கொண்டு போகிறோம். ‘கூக்ளி’ என்கிறோம், ‘பேக் ஃபுட்டில் இருக்கிறோம்’ என்கிறோம். போலந்திலோ ஜப்பானிலோ மூன்றாவதாக ஒருவர் இந்த இரண்டையும் படிக்கிறார். அவருக்குப் புரியவில்லை என்பதாவது அவருக்குத் தெரியும், ஒருநாள் கேட்டுவிடுவார். அதைவிடச் சிக்கலானவை ‘புட் ஆஃப்’, ‘கால் ஆஃப்’, ‘லுக் இன்டு’ போன்ற சின்ன வினைத்தொடர்கள். முதலாவது தள்ளிவைப்பது, இரண்டாவது ரத்து செய்வது. ஆங்கிலத்தைப் பாடப்புத்தகத்தில் படித்தவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ‘போஸ்ட்போன்’, ‘கேன்சல்’ என்று எழுதினால் கொஞ்சம் விறைப்பாகத் தெரியலாம், பிசகாது.

குறைத்துச் சொல்லும் பழக்கம் இன்னொரு வகை. அதனால் என்ன நேரும் என்பதற்குப் போர் வரலாற்றில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் சம்பவம் ஒன்று உண்டு. 1951 ஏப்ரலில் கொரியாவின் இம்ஜின் ஆற்றங்கரை. பிரிட்டனின் க்ளஸ்டர்ஷர் படைப்பிரிவைப் பெருந்திரளான சீனப் படைகள் சூழ்ந்துகொண்டிருந்தன. அவர்களுக்குப் பொறுப்பான பிரிட்டிஷ் பிரிகேடியர் டாம் பிராடி, தன் மேலதிகாரியான அமெரிக்கத் தளபதியிடம் நிலைமையைச் சொன்னார்: “எ பிட் ஸ்டிக்கி.” கொஞ்சம் சிக்கலாகத்தான் இருக்கிறது என்று மேலுக்குப் பொருள். பிரிட்டிஷ் ராணுவ மரபில் வளர்ந்த காதுக்கு அது உச்சகட்ட அபாய மணி. ஓர் அதிகாரி அதற்கு மேல் பதறிப் பேசமாட்டார். அமெரிக்கக் காதுக்கு அது, கஷ்டம்தான், சமாளித்துவிடலாம் என்று கேட்டது. உதவியோ, தக்க நேரத்தில் பின்வாங்கும் உத்தரவோ வரவில்லை. ஐந்நூறுக்கும் மேற்பட்ட வீரர்கள் சிறைபிடிக்கப்பட்டார்கள். ஒரு சொற்றொடர் மட்டுமே அந்தத் தோல்விக்குக் காரணம் என்று சொல்ல முடியாது. போரில் எத்தனையோ காரணங்கள் சேர்ந்திருக்கும். ஆனால் இருவரும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள், ஒரே அணியில் நின்றவர்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம்மிடமும் இதே குணம் உண்டு, அதன் திசைதான் வேறு. பிரிட்டிஷ்காரர் ஆபத்தைக் குறைத்துச் சொல்கிறார் என்றால் நாம் மறுப்பைக் குறைத்துச் சொல்கிறோம். கல்யாணத்துக்கு அழைக்க வந்தவரிடம் ‘வரமுடியாது’ என்று யாரும் சொல்வதில்லை. ‘பார்க்கலாம்’, ‘முயற்சி பண்றேன்’ என்கிறோம். அழைத்தவரும் புரிந்துகொண்டு ஓர் இலையைக் குறைத்துக்கொள்கிறார். அந்த நயம் நமக்குள் அழகாகவே வேலை செய்கிறது. அதை அப்படியே ஆங்கிலத்தில் எடுத்துக்கொண்டு ஜெர்மானிய மேலாளரிடம் போனால், “வீ வில் ட்ரை அவர் பெஸ்ட்” என்பதை அவர் வாக்குறுதியாகக் குறித்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை வேலை முடியாதபோது, ‘முடியாது என்று முன்பே தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை’ என்று கேட்பார். நம் ஆள் திகைத்துப்போவார். அவர் சொல்லித்தான் இருந்தார். “வெள்ளிக்கிழமைக்குள் மூன்று அறிக்கைகளில் இரண்டை முடிக்க முடியும், மூன்றாவது முடியாது, அது அடுத்த புதன்கிழமை வரும்” என்று எழுதியிருந்தால் கடுமையாகத் தோன்றியிருக்கும் என்று அவர் பயந்திருக்கலாம். அந்த மேலாளருக்கு அந்த வாக்கியத்தில் கடுமை எதுவும் தென்படாது. அவர் செய்ய வேண்டிய ஏற்பாடு மட்டும்தான் தெரியும்.

குத்தலுக்கு வருவோம். “ஆஹா, பிரமாதமான வேலை!” என்று எழுதினால் அது பாராட்டா குத்தலா? எழுதுகிறவருக்கு அதில் ஐயமே இருக்காது. ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி உள்ளிட்ட அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்து 2005-ல் ஆய்வு வெளியிட்டார்கள். சிலரிடம் வாக்கியங்களைக் கொடுத்து, சிலவற்றை உண்மையாகவும் சிலவற்றைக் குத்தலாகவும் இன்னொருவருக்குத் தெரிவிக்கச் சொன்னார்கள், ஒரு பகுதியைக் குரலில், ஒரு பகுதியை மின்னஞ்சலில். எந்த வழியில் அனுப்பினாலும் ஏறக்குறைய 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்ளப்படும் என்று அனுப்பியவர்கள் எதிர்பார்த்தார்கள். குரலில் அது கிட்டத்தட்ட பலித்தது. மின்னஞ்சலில் சரியாகப் புரிந்தது 56 சதவீதம்தான். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே ஐம்பது கிடைத்துவிடும். அதிலும் இது ஒரே நாட்டில், ஒரே மொழியில் நடந்த சோதனை.

இதன் காரணம் எளிமையானது. எழுதும்போது நம் குரல் நம் தலைக்குள் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. இழுத்துச் சொல்லும் ‘ஆஹா’வும், உயரும் புருவமும் நமக்குக் கேட்கிறது, தெரிகிறது. எழுத்தில் அவை ஏறவில்லை என்பதை நம்மால் உணர முடிவதில்லை. அதே ஆய்வில் இன்னொரு பகுதியில், தாம் எழுதியதை உத்தேசித்த தொனிக்கு நேர்மாறான தொனியில் உரக்கப் படிக்கச் சொன்னபோது, எழுதியவர்களின் அந்த அதீத நம்பிக்கை குறைந்தது. இதை அப்படியே கையில் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. வேடிக்கையாக எழுதிய வரியை அனுப்புமுன் ஒருமுறை நீதிமன்றத்தில் தீர்ப்பு வாசிப்பதைப் போன்ற குரலில் படித்துப் பாருங்கள். மனம் சுருங்குகிறதென்றால், அங்கே கடல் தாண்டி உட்கார்ந்திருப்பவர் படிக்கப்போவது அந்தக் குரலில்தான்.

நேர வித்தியாசம் இங்கேயும் தன் வேலையைக் காட்டுகிறது. நேரில் குத்தலாகப் பேசினால் எதிரிலிருப்பவரின் முகம் மாறுவது தெரிந்துவிடும். “சும்மா சொன்னேன்பா” என்று தோளைத் தட்டிச் சரிசெய்துவிடுவோம். சியாட்டிலில் ஒருவர் அதைப் படித்து மனம் வாடும் நேரம் இங்கே நள்ளிரவு. மறுநாள் நாம் கணினியைத் திறப்பதற்குள் அவர் அந்த வாடலோடு ஒரு முழு நாள் வேலை பார்த்து முடித்துவிட்டார். நிரலைச் சரிபார்க்கும்போது அதன் பக்கத்தில் எழுதிவைக்கும் ‘ரிவ்யூ கமென்ட்’ இதைவிட நீடிக்கிறது. அது அந்த நிரலோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். இரண்டு வருடம் கழித்துப் புதிதாகச் சேர்ந்த ஒருவர், இந்த வரி ஏன் இப்படி இருக்கிறது என்று தேடி வந்து அதைப் படிப்பார். அன்றைக்கு உங்கள் இருவருக்குள் இருந்த சிநேகம் அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. “பிரமாதம்” என்று குத்தலாக எழுதியிருந்தால், அதைப் பாராட்டு என்று எண்ணி அதே தவறான முறையைத் தன் நிரலிலும் பின்பற்றக்கூடும்.

அப்படியானால் நகைச்சுவையே கூடாதா? நான் அப்படி நினைக்கவில்லை. சிரிக்காத குழுவில் யாரும் தன் தவறை ஒப்புக்கொள்வதில்லை. வேலையைச் சொல்லும் செய்தியிலிருந்து சிரிப்பைப் பிரித்து வைப்பதுதான் முக்கியம். இரண்டாம் மொழியில் படிக்கிறவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் கவனமாக எடை போட்டுப் படிக்கிறார். “சர்வரை ஜன்னல் வழியா தூக்கிப் போட்டுடலாம்” என்ற வரி, செய்ய வேண்டிய மூன்று பணிகளின் நடுவே கிடந்தால், இது நான்காவது பணியா என்று அவர் ஒரு கணமாவது யோசிக்க வேண்டியிருக்கிறது. யோசித்து, நகைச்சுவை என்று முடிவு செய்த பிறகு, மற்ற மூன்றும் உண்மைதானா என்ற ஐயம் வருகிறது. வீடியோ அழைப்பின் முதல் ஐந்து நிமிடம் சிரிப்புக்கு நல்ல இடம், முகங்கள் தெரிகின்றன. தமிழ்நாட்டு அலுவலகக் குழுக்களில் வடிவேலு படம் ஒன்றைப் போட்டால் பத்துப் பேர் ஒரே நொடியில் சிரிப்பார்கள். அதே குழுவில் கிராக்கோவிலிருந்து ஒருவர் இருந்தால், அழுத முகத்தோடு ஒரு மனிதர் நிற்கும் படத்தைத் தன் அறிக்கையின் கீழ் அவர் பார்க்கிறார். தமிழர் மட்டும் இருக்கும் குழுவில் அது இருக்கட்டும்.

எழுத்தைத் தெளிவாக்குவதற்கு விமானத் துறை ஒரு வழியை நெடுநாளாகப் பின்பற்றி வருகிறது. விமானத்தைப் பழுதுபார்க்கும் கையேடுகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டு இறக்கைக்கு அடியில் நிற்பவர்களில் மிகப் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழியல்ல. இதற்காக 1980-களில் ஐரோப்பிய விமானத் தயாரிப்பாளர் சங்கம் எளிய ஆங்கிலத்துக்கு விதிகளும் சொற்பட்டியலும் வகுத்தது. இன்று அது ‘ஏஎஸ்டி-எஸ்டிஇ100’ என்ற பெயரில் நிலைத்திருக்கிறது. அதன் அடிப்படை, ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்பதுதான். ‘ஃபாலோ’ என்றால் பின்னால் வருவது மட்டுமே. விதியைக் கடைப்பிடி என்று சொல்ல அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது, அதற்கு ‘ஒபே’ இருக்கிறது. செய்முறை வாக்கியம் இருபது சொல்லைத் தாண்டக் கூடாது. அலுவலகச் செய்திக்கு இவ்வளவு கறார் தேவையில்லை. ஆனாலும் அதிலிருந்து ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். நம் குழுவில் இரட்டைப் பொருள் தரும் சொற்கள் எவை என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே பொருள் என்று பேசி முடித்துவிடுவது. எங்கே தொடங்குவது என்று கேட்டால் ‘ரிவர்ட்’, ‘டவுட்’, ‘இஓடி’ மூன்றையும் சொல்வேன். கடைசியது ‘எண்ட் ஆஃப் டே’யின் சுருக்கம். யாருடைய நாள்? சென்னையின் நாள் முடியும்போது சியாட்டிலின் நாள் தொடங்கவே இல்லை. ‘புதன், 18:00, சென்னை நேரம்’ என்று எழுதுவது நான்கு சொல்தான்.

இப்போது முதல் செய்திக்குத் திரும்பி, அந்தப் பெண் எப்படி எழுதியிருக்கலாம் என்று பார்ப்போம். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: “நேற்றைய பணம் செலுத்தும் மாற்றம் பற்றி எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அட்டை மறுக்கப்பட்டால் பயனர் எந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும், பில் பக்கத்துக்கா, முகப்புக்கா? உங்கள் செவ்வாய்க்கிழமை முடிவதற்குள் பதில் எழுதுங்கள். நிரலில் எதையும் மாற்ற வேண்டாம்.” நீளம் கூடிவிட்டது. ஆனால் எது கேள்வி, எப்போது பதில் வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பது மூன்றும் தனித்தனியாக நிற்கின்றன. முக்கியமாக, கேள்வி செய்தியிலேயே இருக்கிறது. ‘ஒரு டவுட் இருக்கு’ என்று மட்டும் எழுதினால், ‘என்ன டவுட்?’ என்று அங்கிருந்து வருவதற்கே ஓர் இரவு போய்விடும். நாம் நேரில் பேச்சைத் தொடங்கும் முறை அது, எழுத்துக்கு உதவாது.

எழுதியது புரிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? “புரிந்ததா?” என்று கேட்டால் “எஸ்” என்றுதான் வரும். ஜப்பானியரும் நம்மவரும் மட்டுமல்ல, மேலதிகாரியிடம் புரியவில்லை என்று சொல்லத் தயங்காதவர்கள் எந்த நாட்டிலும் குறைவு. வருகிற பதிலின் உருவத்தைப் பார்க்க வேண்டும். நாம் எழுதிய அதே சொற்றொடர் மாறாமல் திரும்பி வந்தால், பெரும்பாலும் அது புரியவில்லை. புரிந்தவர் தன் சொல்லில் சொல்வார். நன்றி மட்டும் வந்து, கேட்ட இரண்டு கேள்வியில் ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டால் அந்த ஒன்று தடுமாற வைத்திருக்கிறது. ‘டன்’ என்று ஒற்றைச் சொல் வந்தால், எது டன் என்று அன்றே கேட்பது நல்லது. “முதலில் எதைச் செய்யப்போகிறீர்கள்?” என்ற கேள்விக்கு ‘எஸ்’ பதிலாகாது.

படிப்பவர் பக்கத்திலும் செய்ய வேண்டியது இருக்கிறது. குழப்பமான வரி ஒன்று அங்கிருந்து வந்தால், “புரியவில்லை, விளக்குங்கள்” என்று மட்டும் எழுதினால் ஒரு நாள் போகும், விளக்கம் மறுபடியும் அதே நடையில் வரலாம். தனக்குத் தோன்றும் இரண்டு பொருளையும் எழுதிவிடலாம்: “நீங்கள் சொல்வது, அ) இந்த வேலையை ரத்து செய்ய வேண்டும், ஆ) அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்க வேண்டும். இரண்டில் எது?” எதிரிலிருப்பவர் ஓர் எழுத்தில் பதில் சொல்லிவிடுவார். கூடவே, பதில் வரும்வரை என்ன செய்யப்போகிறோம் என்பதையும் சேர்க்க வேண்டும்: “பதில் வரும்வரை ஆ என்று எடுத்துக்கொண்டு வேலையை நிறுத்தி வைக்கிறேன், எதையும் அழிக்கமாட்டேன்.” இரண்டு பொருளில் எதை எடுத்தால் பின்னால் சரிசெய்ய முடியுமோ அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். சியாட்டில்காரரும் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், மாற்றத்தை எடுத்துவிடுவதற்கு முன்பு, “எடுத்துவிடவா, அல்லது பதில் மட்டும் போதுமா? நீங்கள் சொல்லும்வரை அப்படியே விட்டுவைக்கிறேன்” என்று எழுதியிருந்தால், புதன்கிழமை சென்னையில் சோதனை நடந்திருக்கும்.